சலூன் முடியை எங்கே அனுப்பலாம்: உரக்குழிக்கா, திரவ உரத்துக்கா, எண்ணெய் உறிஞ்சும் பாய்க்கா?

சலூனில் தினமும் கூட்டியெடுக்கும் முடியைக் குப்பை லாரிக்குக் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. மட்கு உரக் குவியலில் கலக்கலாம், காரத்தில் கரைத்துத் திரவ உரமாக்கலாம், கடலிலோ பட்டறையிலோ சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் பாயாகச் செய்யலாம். மூன்றும் உண்மைதான். ஆனால் ஒரு சலூனுக்கு மூன்றும் ஒரே அளவுக்குக் கைகூடாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ட்ரிம்மரிலும் கத்தரிக்கோலிலும் விழும் குட்டை முடிதான் பெரும்பங்கு என்றால் உரக்குவியல் சரியான வழி. நீள முடி கணிசமாக விழுந்து, அதை வாங்கிக்கொள்ள ஆளும் இருந்தால் மட்டும் பாய். திரவ உரத்தைச் சலூனிலோ வீட்டிலோ முயல வேண்டாம்.

ஏன் என்று புரிய முடியின் குணம் கொஞ்சம் தெரிய வேண்டும். முடி கிட்டத்தட்ட முழுக்கக் கெரட்டின் என்ற புரதம். அதன் எடையில் சுமார் 15 சதவீதம் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. காய்ந்த மாட்டுச்சாணத்தில் இது ஓரிரண்டு சதவீதம்தான் இருக்கும். இதைக் கேட்டவுடன் பலரும் முடியை அள்ளிக்கொண்டு போய்ச் செடியடியில் கொட்டிவிடுகிறார்கள். ஆனால் கெரட்டின் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சாதாரண நுண்ணுயிர்களால் அதை எளிதில் உடைக்க முடியாது. கெரட்டினைத் தின்னப் பழகிய சில பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும்தான் அந்த வேலையை மெதுவாகச் செய்கின்றன. அதனால்தான் முடிக்குள் சத்து ஏராளமாக இருந்தும் செடிக்கு அது தாமதமாகவே கிடைக்கிறது. முடியின் மேற்பரப்பில் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கான ஓடு இருக்கிறது. எண்ணெய் ஒட்டிக்கொள்வது அதில்தான். பெட்ரோலிய எண்ணெய் முடிக்குள் ஊறிப் போவதில்லை, வெளியே படிந்து இழைகளுக்கு நடுவில் தங்குகிறது. பாயைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் திரும்ப வரும்.

முதலில் துடைப்பம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் சேகரிப்பது ஒழுங்காக இல்லையென்றால் வாங்கிக்கொள்பவர் மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். முடியோடு கலக்கக்கூடாதவை நிறைய: பிளேடு, பஞ்சு, கழுத்தில் சுற்றும் காகிதப் பட்டை, டை போடும்போது சுற்றும் அலுமினியத் தாள், டிஷ்யூ, நூல். இவற்றில் பிளேடுதான் மோசம். உரக்குவியலைக் கையால் கிளறுகிறவருக்கு அது எங்கே கிடக்கிறது என்று தெரியாது. சவரத்தில் வரும் முடியை இந்தச் சேகரிப்பில் சேர்க்கவே கூடாது. அதில் நுரையும் சில நேரம் ரத்தமும் இருக்கும். அது தனிக் குப்பை.

நடைமுறை இப்படி இருக்கட்டும். ஒவ்வொரு வாடிக்கையாளர் எழுந்ததும், தரையில் தண்ணீரோ கிருமிநாசினியோ படும் முன்பே, முடிக்கென்று வைத்திருக்கும் துடைப்பத்தாலும் முறத்தாலும் கூட்டிவிட வேண்டும். அந்தத் துடைப்பம் கழிவறைப் பக்கமோ பாத்திரம் கழுவும் பக்கமோ போகக்கூடாது. கூட்டியதை மூடியுள்ள வாளியில் போட்டு, நாள் முடிவில் காகிதப் பைக்கோ துணிப் பைக்கோ மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம். தலையை நனைத்து வெட்டும்போது விழும் முடியில் ஈரம் இருக்கும். காற்றுப் போகாத பையில் அது இரண்டு மூன்று நாளில் புழுங்கி நாற ஆரம்பிக்கும். பையின் நடுவில் கையை விட்டுப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும். முடி குளிர்ந்து, உதிரியாக, அமுக்கினால் மறுபடி எழும்பினால் நல்லது. கட்டியாக ஒட்டியிருந்தாலோ, கொஞ்சம் சூடாக இருந்தாலோ, மூக்கில் ஏறும் அம்மோனியா வாடை வந்தாலோ அதை மேலும் சேமிக்கக்கூடாது. பாய்க்கு அது ஆகாது, அன்றே உரக்குவியலுக்குப் போக வேண்டும்.

கையுறையும் மூடிய செருப்பும் சம்பிரதாயத்துக்காகச் சொல்லப்படுபவை அல்ல. கூர்மையாக வெட்டப்பட்ட குட்டை முடி முள்ளைப் போலத் தோலுக்குள் இறங்கும். முடிதிருத்துபவர்களுக்கு விரலிடுக்கில் முடி குத்தி உள்ளே தங்கி, சீழ் பிடித்துப் புரையோடும் நோய் மருத்துவத்தில் தனியாகவே பதிவாகியிருக்கிறது. பையை மாற்றிக் கட்டும்போது பறக்கும் துகளுக்கு முகக்கவசமும் தேவை.

பேன், ஈர் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். உண்மையில் அவை பெரிய சிக்கல் இல்லை. தலையை விட்டு இறங்கிய பேன் ரத்தம் கிடைக்காமல் ஓரிரு நாளில் செத்துவிடும். ஈர் பொரிக்க உச்சந்தலையின் சூடு வேண்டும். பையை இறுகக் கட்டி இரண்டு வாரம் உலர்ந்த இடத்தில் வைத்தால் அந்தக் கவலை தீர்ந்தது. படர்தாமரை வேறு கதை. அந்தப் பூஞ்சையும் கெரட்டினைத் தின்றே வாழ்வது. வெட்டிய முடியில் அதன் வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பையில் காத்திருப்பதால் சாகாது. எனவே தலையில் வட்டவட்டமாக முடி கொட்டி, செதில் உதிரும் ஒருவருக்கு வெட்டிய முடியைச் சேகரிப்பில் சேர்க்காமல் தனியாகக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், கருவிகளையும் கிருமி நீக்குங்கள். வாடிக்கையாளர் முன்னால் இதைப் பெரிதாகக் காட்ட வேண்டியதில்லை. தனி வாளி ஒன்று இருந்தால் போதும்.

டை அடித்த முடி? நிரந்தர டை ஒருமுறை ஏறி, தலையும் அலசப்பட்ட பிறகு, நிறம் இழைக்குள் பிணைந்துவிடுகிறது. அலசாமல் பசையோடு விழும் முடிதான் கூடாது. நான் இப்படிப் பிரிப்பேன்: கெமிக்கல் படாத முடி காய்கறித் தோட்ட உரத்துக்கு, அலசிய டை முடியும் ப்ளீச் செய்த முடியும் அலங்காரச் செடி உரத்துக்கோ பாய்க்கோ. தினமும் தடவத் தடவ நரை மெல்ல மெல்லக் கறுக்கும் வகைத் திரவங்களில் சிலவற்றில் ஈய உப்பு இருந்திருக்கிறது. அப்படிப்பட்டதைப் பயன்படுத்துகிறவர் என்று தெரிந்தால் அந்த முடியை உரத்தில் சேர்க்காமல் விடுவது நல்லது.

உரக்குவியல்: கணக்கு சொல்வதும் குவியல் செய்வதும்

வாரம் 2 கிலோ முடி சேரும் ஒரு சலூனை எடுத்துக்கொள்வோம். மட்குவதற்குக் கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30-க்கு 1 என்று இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. முடியில் அது சுமார் 3-க்கு 1. காய்ந்த சருகில் 60-க்கு 1 பக்கம். இரண்டையும் கலந்து 30-க்குக் கொண்டுவரக் கணக்குப் போட்டால், 1 கிலோ முடிக்குக் கிட்டத்தட்ட 17 கிலோ சருகு வருகிறது.

கணக்கு சரி. ஆனால் அதன்படி வெறும் முடியும் சருகுமாகக் குவித்தால் குவியல் சூடேறாது. காகிதத்தில் நாம் எழுதிய நைட்ரஜன் முடிக்குள் பூட்டியபடி கிடக்கும், நுண்ணுயிர்களுக்கு முதல் சில வாரங்களில் அதில் சிறு பகுதிதான் கைக்கு வரும். அவற்றின் கண்ணுக்கு அது வெறும் சருகுக் குவியல். அதனால் முடியை நைட்ரஜன் கணக்கிலேயே சேர்க்காமல் குவியலை அமைக்க வேண்டும். சருகோடு சாணமோ, பச்சைப் புல்லோ, காய்கறிக் கழிவோ போதுமான அளவு போட்டு அது தானாகவே சூடேறும்படி செய்துவிட்டு, அதில் காய்ந்த எடையில் 5 சதவீதம் அளவுக்கு மட்டும் முடியைக் கூட்டுப்பொருளாகச் சேர்க்க வேண்டும்.

நீளம், அகலம், உயரம் தலா ஒரு மீட்டர் உள்ள குவியல் என்றால் காய்ந்த எடையில் ஏறக்குறைய 200 கிலோ பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு 10 கிலோ முடி. நம் சலூனுக்கு அது ஐந்து வாரச் சேகரிப்பு. அப்படியென்றால் ஐந்து வாரத்துக்கு ஒரு புதுக் குவியல் போடுகிற இடமோ தோட்டமோ இருந்தால் ஒரு சலூனின் முடி முழுவதும் அங்கே தீர்ந்துவிடும். அந்த 10 கிலோவில் உள்ள நைட்ரஜன் ஒன்றரை கிலோ, அதாவது சுமார் 3 கிலோ யூரியாவில் உள்ளதற்குச் சமம். யூரியாவில் அது சில நாளில் கிடைக்கும். இங்கே பல மாதங்களுக்குப் பிரித்துப் பிரித்து வரும்.

சேர்க்கும் விதத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பையை அப்படியே கவிழ்த்தால் முடி கம்பளி மாதிரி ஒட்டிக்கொண்டு, தண்ணீரையும் காற்றையும் தடுக்கும் தட்டாகிவிடுகிறது. ஆறு மாதம் கழித்துத் தோண்டினால் அந்தத் தட்டு போட்டபடியே இருக்கும், அதன் அடியில் உள்ளது அழுகி நாறும். நீள முடியை 2, 3 சென்டிமீட்டருக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள முடி தண்ணீரை ஏற்காது, அதனால் போடும் முன் ஒரு வாளி நீரில் சாணத்தைக் கரைத்து அதில் முடியை முக்கிப் பிசைந்து எடுங்கள். பிறகு அடுக்கு அடுக்காக, அடியில் உள்ள சருகு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தூவுங்கள். மேல் அடுக்கிலும் ஓரத்திலும் முடி வரவே கூடாது, நடுவில்தான் சூடு.

அந்தச் சூடுதான் சுகாதாரத்துக்கும் உத்தரவாதம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கழிவுநீர்க் கசடை உரமாக்குவதற்கு வைத்திருக்கும் அளவுகோல் இங்கேயும் உதவும்: திறந்த வரிசைக் குவியலில் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூடு 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். நீளத் தண்டுள்ள வெப்பமானி ஒன்று இதற்குப் போதும். சூடு ஏறவே இல்லையென்றால் பச்சைப் பொருள் குறைவு அல்லது ஈரம் குறைவு. ஏறிய பிறகு அம்மோனியா வாடை அடித்தால் நைட்ரஜன் காற்றில் போகிறது என்று பொருள், சருகு சேர்த்துப் புரட்டுங்கள். படர்தாமரை சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும், சூடேறாத சிறிய தொட்டி உரத்துக்கு முடியைக் கொடுக்காதீர்கள்.

மூன்று நான்கு மாதத்தில் சருகு கறுத்து உதிர்ந்துவிடும். முடி இழைகள் அப்போதும் ஆங்காங்கே தெரியும். அது தோல்வி அல்ல. சல்லடையில் சலித்து, மேலே தங்குவதை அடுத்த குவியலில் போட்டுவிடுங்கள், அதில் கெரட்டின் தின்னும் பூஞ்சைகள் ஏற்கெனவே குடியேறியிருக்கும்.

மட்க வைக்காமல் முடியை நேரடியாகத் தொட்டியில் போட்டால் என்ன ஆகும் என்பதை மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் லெட்டூஸ் உள்ளிட்ட செடிகளில் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். முடி விளைச்சலைக் கூட்டியது. ஆனால் விரைந்து வளரும் பயிருக்கு அதை மட்டும் நம்ப முடியாது, சத்து வெளிவரும் முன்பே பயிர்க்காலம் முடிந்துவிடுகிறது. ஆகவே முடி கலந்த உரம் கீரைக்கு அல்ல, பழமரங்களுக்கும் பல வருடம் நிற்கும் செடிகளுக்கும்தான் பொருத்தம்.

மண்ணின் மேலே முடியைப் பரப்பி மூடாக்குப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாரிஸ் நகரப் புறாக்களின் கால்களை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், முடிதிருத்தகங்கள் அதிகமுள்ள பகுதிகளில் விரல் சிதைந்த புறாக்களும் அதிகம் என்று தெரிந்தது. முடியும் நூலும் விரலில் சுற்றி இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரல் கழன்றே போய்விடுகிறது. பறவைகள் கூட்டுக்கு எடுத்துப் போகும் நீள முடி குஞ்சுகளுக்கும் இதையே செய்யும். முடி மண்ணுக்கு உள்ளேதான் இருக்க வேண்டும், மேலே தெரியக்கூடாது.

திரவ உரம்

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் முடியைச் சூடாக்கினால் கந்தகப் பிணைப்புகள் அறுந்து, கெரட்டின் அமினோ அமிலங்களாகக் கரைகிறது. சத்து உடனே செடிக்குக் கிடைக்கும், கூடவே பொட்டாசியமும் வரும். உரத்தின் தரத்தைப் பார்த்தால் மூன்றிலும் இதுதான் வேகமானது. ஆனால் அந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும். வேகும்போது அம்மோனியா கிளம்பும். கடைசியில் காரத்தைச் சமன்படுத்த அமிலம் ஊற்றும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவரும். அழுகிய முட்டை நாற்றமுள்ள அந்த வாயு, செறிவு கூடினால் மூக்கை மரத்துப்போகச் செய்து, நாற்றம் தெரியாமலே ஆளைச் சாய்க்கும். காற்றை வெளியேற்றும் அமைப்பும் அளவிடும் கருவியும் உள்ள ஆலையில் செய்ய வேண்டிய வேலை இது. அப்படி ஓர் ஆலை முடியை வாங்கிக்கொண்டால் தாராளமாகக் கொடுங்கள். அவர்களுக்குக் குட்டை முடியும் ஆகும்.

எண்ணெய் உறிஞ்சும் பாய்

1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது, நீர்நாய்களின் ரோமத்தில் எண்ணெய் அப்பிக்கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் அலபாமாவைச் சேர்ந்த முடிதிருத்துநர் ஃபில் மெக்ரோரி. தன் கடையில் கூட்டிய முடியை நைலான் காலுறையில் அடைத்துச் சோதித்தார், அது வேலை செய்தது. பிறகு நாசாவின் மார்ஷல் விண்வெளி மையமும் அதைச் சோதித்துப் பார்த்தது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள மேட்டர் ஆஃப் டிரஸ்ட் அமைப்பு அந்த யோசனையை உலகமெங்கும் பரப்பியது. 2007-ல் காஸ்கோ பூசான் கப்பல் அதே நகரத்துப் பாலத்தில் மோதி எண்ணெய் சிந்தியபோது, கடற்கரையில் தன்னார்வலர்கள் முடிப் பாய்களால் எண்ணெயை எடுத்தார்கள். 2020-ல் மொரீஷியஸ் கடலில் வக்காஷியோ கப்பல் உடைந்தபோது மக்கள் கரும்புத் தோகையோடு முடியையும் அடைத்து மிதவைகள் செய்தார்கள்.

இந்தக் கதைகளின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்தபோது உலகெங்குமிருந்து முடி குவிந்தது, ஆனால் மீட்புப் பணியை நடத்தியவர்கள் அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த ஒரு களச் சோதனையில், கடையில் கிடைக்கும் செயற்கை இழை மிதவை அதிக எண்ணெயையும் மிகக் குறைந்த தண்ணீரையும் உறிஞ்சியது. முடி மிதவையில் தண்ணீர் ஏறி அது மூழ்கத் தொடங்கியது. முடி எண்ணெயை விரும்புவது உண்மை, ஆனால் தண்ணீரை விலக்குவதில்லை. நீங்களே பார்க்கலாம்: வலைப்பையில் முடியை அடைத்து எடை போட்டு, ஒரு நாள் வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மறுநாள் வடியவிட்டு மறுபடி எடை போடுங்கள். கூடியிருக்கும் எடை முழுவதும் எண்ணெய்க்குப் போயிருக்க வேண்டிய இடம்.

அதனால் முடிப் பாய்க்கு உண்மையான இடம் தரைதான். வண்டிப் பட்டறையில் இயந்திரத்துக்கு அடியில் சொட்டும் இடம், மழைநீர் வடிகாலின் வாய், எண்ணெய் டிரம்மின் அடிப்பக்கம். சோதனைகளில் முடி தன் எடையைப் போல சுமார் 3 முதல் 9 மடங்கு எண்ணெயைப் பிடித்திருக்கிறது. கெட்டியான எண்ணெய் அதிகம் தங்கும், டீசல் போன்ற மெல்லியது வடிந்துவிடும். நடுவில் 4 மடங்கு என்று வைத்தால் அரைக்கிலோ முடியுள்ள ஒரு தலையணை ஏறக்குறைய 2 லிட்டர் இயந்திர எண்ணெயைத் தாங்கும். இறுக்கித் திணித்தால் குறையும், ஏனென்றால் எண்ணெய் தங்குவது இழைகளுக்கு இடையில் உள்ள வெளியில்.

பாயாக அழுத்திப் பின்னுவதற்கு நீளம் வேண்டும். 7, 8 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள முடிதான் ஒன்றோடொன்று சிக்கி நிற்கும். ட்ரிம்மர் முடி உதிர்ந்துகொண்டே இருக்கும், அதை நெருக்கமான துணிப்பையில்தான் அடைக்க முடியும். ஈரம், தூசி, பிசுக்கு எதுவும் இருக்கக்கூடாது.

பலரும் கேட்க மறக்கிற கேள்வி, எண்ணெய் குடித்த பாய் எங்கே போகும் என்பது. அது அபாயக் கழிவு. அதற்கென உரிமம் பெற்றவர் வழியாக எரியூட்டவோ பாதுகாப்பான நிலநிரப்பலுக்கோ போக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் சிப்பிக் காளான் வளர்த்து எண்ணெயைச் சிதைக்க முயன்றார்கள், ஆனால் அது வழக்கமான தீர்வாகிவிடவில்லை. உரக்குவியலில் அந்தப் பாயைப் போட்டால் எண்ணெயின் கடினமான சேர்மங்களும் உலோகங்களும் மண்ணில் தங்கிவிடும். அந்த ஏற்பாடு இல்லாத பட்டறைக்குப் பாய் கொடுப்பது கழிவை இன்னொரு வடிவத்துக்கு மாற்றிக்கொடுப்பதுதான்.

எதைத் தேர்வது

ஒரு வாரத்துக்கு முடியைக் கூட்டி வைத்துக் கையால் பிரித்துப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்கு மேல் நீளமுள்ளது கால் பங்குக்கும் குறைவு என்றால் பாயை மறந்துவிட்டு, சூடேறும் குவியல் போடுகிற ஒரு தோட்டத்தையோ நர்சரியையோ தேடுங்கள். அவர்களிடம் இரண்டே கேள்வி: குவியல் 55 டிகிரிக்கு ஏறுகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுக் குவியல் போடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலை வைத்து எவ்வளவு முடி கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நீள முடி அதிகம் விழும் பார்லர் என்றால் இரண்டு பை வையுங்கள். கட்டி வெட்டிய நீள முடியைத் தரையில் விழவிடாமல் நேராக ஒரு பைக்கு, கூட்டியது இன்னொரு பைக்கு. முதலாவது பாய் செய்பவருக்கு, இரண்டாவது உரத்துக்கு. சேகரிக்கத் தொடங்கும் முன் வாங்குபவரிடம் நீளம், டை, பையின் வகை மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெய்ச் சிந்தல் செய்தி வந்த பிறகு அவசரமாகச் சேர்க்கும் முடி பெரும்பாலும் கிடங்கிலேயே கிடக்கும். 2010-ல் வந்து குவிந்த மூட்டைகளுக்கு அதுதான் நடந்தது.